கலர் ஸ்லைடு கறுப்பு வெள்ளைத் தாளில் வரும்போது சார்ட் ஒரே சாம்பலாகிறது: ஸ்லைடை மாற்றுவதா, பிரிண்டில் சமாளிப்பதா?

மகிழினி
என் ஸ்லைடெல்லாம் கலர். கையில் கொடுக்கும் தாள் கறுப்பு வெள்ளை, ஒரு பக்கத்துக்கு ஆறு ஸ்லைடு. பவர்பாயிண்டில் Grayscale கொடுத்து அச்சடித்தால் ஆறு பட்டை உள்ள சார்ட்டில் மூன்று பட்டைகள் ஒரே மாதிரி வருகின்றன. நிறங்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை, பழைய ஆபீஸ் தீமில் தானாக வந்தவைதான். முக்கியமான வரிகளைச் சிவப்பில் போட்டிருந்தேன், தாளில் அவை மற்ற வரிகளோடு கலந்துவிட்டன. திரையில் தெரிகிற ஸ்லைடைக் கெடுக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

அருண்
முடியும், ரொம்ப சுலபம். அச்சிடும் இடத்தில் Grayscale வேண்டாம், Color என்றே விடுங்கள். கறுப்பு வெள்ளை பிரிண்டர் தானாகவே சாம்பலாக மாற்றிக்கொள்ளும். அந்த Grayscale முறை தன் இஷ்டத்துக்கு எதையாவது மாற்றும், அதனால்தான் சிவப்பு எழுத்து போய்விட்டது. ஸ்லைடைத் தொடவே வேண்டாம்.

வரைகோடு
அருண் சொன்னதில் பாதி சரி. Grayscale முறையில் பவர்பாயிண்ட் எழுத்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும், ஸ்லைடின் பின்னணியை வெள்ளையாக்கிவிடும். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தாலும் தாளில் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சிவப்பு வரி அதனால்தான் காணாமல் போனது, அது வெறும் கறுப்பு வரியாகிவிட்டது. Color என்று விட்டால் சிவப்பு சிவப்பாகவே பிரிண்டருக்குப் போகும், அது சாம்பலாக மாற்றும், அதுவரை சரி. ஆனால் சார்ட்டுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சார்ட்டை Grayscale முறையும் சாம்பலாகத்தான் மாற்றுகிறது, பிரிண்டரும் அதையேதான் செய்யப் போகிறது.

சாம்பலாக்கும்போது நிறத்தின் பெயர் போய்விடும், வெளிச்சம் மட்டும் மிஞ்சும். பொதுவாகப் பயன்படும் கணக்கு இது:

```
Y = 0.299*R + 0.587*G + 0.114*B
```

R, G, B என்பவை ஒரு நிறத்திலுள்ள சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு, Y என்பது மிஞ்சும் வெளிச்சம். Y 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. பிரிண்டருக்குப் பிரிண்டர் கொஞ்சம் மாறலாம், ஆனால் பச்சைக்கு அதிக எடையும் நீலத்துக்கு மிகக் குறைந்த எடையும் எங்கும் உண்டு.

மகிழினி, உங்களுடையது 2013-2022 ஆபீஸ் தீம் என்றால் ஆறு பட்டையின் நிறங்கள் வரிசையாக 4472C4, ED7D31, A5A5A5, FFC000, 5B9BD5, 70AD47. கணக்குப் போட்டால் முதல் நீலம் 110, ஆரஞ்சு 150, சாம்பல் 165, பொன்மஞ்சள் 189. இளநீலம் 142, பச்சை 143! திரையில் இளநீலத்தையும் பச்சையையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், தாளில் இரண்டும் ஒன்றே. ஆரஞ்சும் எட்டுப் புள்ளி தூரத்தில்தான் நிற்கிறது. உங்களுடைய அந்த மூன்று பட்டைகள் இவைதான் என்று நினைக்கிறேன்.

மகிழினி
ஆமாம், இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது. அதேதான்.

செந்தாமரை
நிறக்குருடு உள்ளவர்களுக்காகத் தயாரித்த நிறத்தொகுப்பை எடுத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லையே? நான் ஒகாபே-இட்டோ நிறங்களைத்தான் வைத்திருக்கிறேன். என் வகுப்பில் சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ஒரு மாணவர் இருக்கிறார், அவருக்குப் பிரமாதமாக வேலை செய்கிறது. அவருக்கே தெரிகிறதென்றால் கறுப்பு வெள்ளைக்கும் போதும்தானே.

வரைகோடு
இல்லை அக்கா, அது வேறு பிரச்சினை. சிவப்பு பச்சை பிரித்தறியாதவருக்கும் நீலம் மஞ்சள் வேறுபாடு கண்ணில் இருக்கிறது, அந்தத் தொகுப்பு அதையும் நம்பித்தான் இருக்கிறது. தாளில் அதுவும் கிடையாது. அதிலுள்ள ஆரஞ்சு E69F00, கணக்குப்படி 162. வான்நீலம் 56B4E9, அது 158. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்துப் பாருங்கள், ஒரே பட்டை போல நிற்கும். உங்கள் மாணவருக்கு அந்த நிறங்கள் தேவை, அதை மாற்ற வேண்டாம். தாளுக்கு என்று வரும்போது அதற்குள்ளேயே வெளிச்சம் விலகி இருக்கும் நிறங்களாகப் பொறுக்குங்கள்: நீலம் 0072B2 87-க்கு வருகிறது, ஆரஞ்சு 162, மஞ்சள் F0E442 213. இந்த மூன்றும் தாங்கும்.

தாள்மணி
நீங்கள் எல்லோரும் ஸ்லைடையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஸ்லைடு தூரத்திலிருந்து பார்ப்பதற்கு, தாள் கையில் வைத்துப் படிப்பதற்கு. இரண்டுக்கும் ஒரே கோப்பு என்பதே தப்பு என்பது என் கட்சி. கோப்பை நகலெடுங்கள், Design தாவலில் Variants, அதற்குள் Colors போய் Grayscale என்ற தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள், தீம் நிறத்தில் இருக்கும் எல்லாச் சார்ட்டும் ஒரே அழுத்தத்தில் மாறும். அப்புறம் பட்டைகளுக்குக் கோட்டு நிரப்பு போடுங்கள்: ஒன்றுக்குச் சாய்கோடு, ஒன்றுக்குக் கட்டம், ஒன்றுக்குப் புள்ளி. யாருக்கும் குழப்பம் வராது.

அருண்
நகல் எடுத்தால் அடுத்த முறை ஒரு எண் மாறும்போது இரண்டு கோப்பிலும் மாற்ற வேண்டும். மறந்துபோவோம். திரையில் ஒரு எண், தாளில் வேறு எண் என்று கூட்டத்தில் கேள்வி வரும். எனக்கு அதுதான் பயம், சாம்பல் கூட இரண்டாம்பட்சம்.

வரைகோடு
அருண் சொல்லும் பயம் நியாயம். அதனால்தான் நகல் வேண்டாம் என்கிறேன். திரையில் நன்றாக இருந்து, தாளிலும் தாங்கும் நிறங்கள் இருக்கின்றன. நாலு சொல்கிறேன்: கருநீலம் 1F3864 (54), கரும்பச்சை 548235 (107), ஆரஞ்சு ED7D31 (150), பொன்மஞ்சள் FFC000 (189). அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே குறைந்தது 39 இருக்கிறது. பொன்மஞ்சள் பட்டைக்கு மெல்லிய கறுப்பு ஓரம் கொடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் கரைந்துபோகும். C00000 என்ற அடர்சிவப்பை மட்டும் இந்தக் கருநீலத்தோடு சேர்க்காதீர்கள், அது 57, கருநீலம் 54. திரையில் பளிச்சென்று வேறாகத் தெரியும், அதனாலேயே ஏமாற்றும்.

நாலோடு நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. லேசர் பிரிண்டரில் சாம்பல் என்று ஒரு மை கிடையாது, கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துத்தான் சாம்பல் காட்டுகிறது. அதிலும் சார்ட்டுக்குக் கீழே இருக்கும் குட்டிச் சதுரத்தைப் பார்த்துவிட்டு மேலே உள்ள பட்டையோடு பொருத்துவது கண்ணுக்குக் கஷ்டம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே சாம்பல் இருட்டாகவும் வெளிச்சமாகவும் தோன்றும். ஆறு பட்டை வேண்டுமென்றால் அந்தச் சதுரங்களை எடுத்துவிட்டு, பெயரைப் பட்டையின் மேலேயே எழுதுங்கள். மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றால் இந்த ஒன்றையாவது செய்யுங்கள், சாம்பல் ஒன்றாகப் போனாலும் பெயர் நிற்கும்.

கோட்டு நிரப்பு விஷயத்தில் தாள்மணியோடு எனக்கு உடன்பாடு இல்லை. முழுப் பக்கத்துக்கு ஒரு சார்ட் என்றால் பரவாயில்லை. ஆறு ஸ்லைடு ஒரு பக்கத்தில் சுருங்கும்போது நெருக்கமான சாய்கோடும் கட்டமும் ஒன்றோடு ஒன்று கலந்து கடைசியில் சாம்பலாகவே தெரியும். எதற்காகப் போட்டோமோ அதுவே போய்விடுகிறது.

தாள்மணி
அகலமான சாய்கோடு போட்டால் ஆறிலும் தெரிகிறது, நான் கொடுக்கும் தாள்களில் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் போட வேண்டாம், ஒன்றுவிட்டு ஒன்றுக்குப் போடுங்கள், நடுவில் வெறும் வெள்ளை, வெறும் கறுப்பு. சாம்பலை நம்புவதைவிடக் கோட்டை நம்புவேன். உங்கள் 150-க்கும் 189-க்கும் டோனர் தீர்ந்துபோகும் நேரத்தில் என்ன வித்தியாசம் இருக்கும் என்று பாருங்கள்.

வரைகோடு
டோனர் குறைந்தால் எல்லாமே வெளிறும் என்பது உண்மை, மறுக்கவில்லை. சிலர் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

மகிழினி
சரி, சார்ட் புரிந்தது. சிவப்பு வரிகளை என்ன செய்வது? சில இடங்களில் மஞ்சள் ஹைலைட்டும் இருக்கிறது. அப்புறம் முன்னுரை ஸ்லைடில் அடர்நீலப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்து.

வரைகோடு
சிவப்பு FF0000 கணக்கில் 76. Color முறையில் விட்டாலும் மெல்லிய எழுத்தில் 76-க்கும் கறுப்புக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சிறிய எழுத்தில் ஓரம் கொஞ்சம் பிசிறடிப்பதுதான் மிச்சம். மஞ்சள் FFFF00 226, வெள்ளைக்கு ரொம்பப் பக்கத்தில். அச்சில் லேசான புள்ளிகளாக வரும், அந்தத் தாளை ஒருவர் மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் போயே போய்விடும். பச்சை ஹைலைட் 00FF00 நேர் எதிர், 150-க்கு இறங்கி எழுத்துக்குப் பின்னால் அழுக்குப் போல நிற்கும். நிறத்தை அப்படியே விடுங்கள், அதோடு தடித்த எழுத்தும் அடிக்கோடும் சேருங்கள். பத்தி முழுவதும் முக்கியம் என்றால் சுற்றிலும் 1.5 பாயிண்ட் கோட்டில் ஒரு பெட்டி. அது ஜெராக்ஸிலும் நிற்கும், திரையையும் கெடுக்காது.

நீலப் பெட்டிக்கு நகல் எதுவும் தேவையில்லை. View தாவலில் Grayscale போங்கள், பெட்டியைத் தேர்ந்தெடுத்து மேலே Black with White Fill அழுத்துங்கள். தாளில் வெள்ளைப் பெட்டி, கறுப்பு எழுத்து என்று வரும். Back To Color View அழுத்தித் திரும்பினால் கலர் அப்படியே இருக்கும், இந்த அமைப்பும் அதே கோப்பில் சேர்ந்து நிற்கும். ஆனால் இது Grayscale முறையில் அச்சடித்தால்தான் வேலை செய்யும், அருண் சொன்னபடி Color என்று விட்டால் பெட்டி நீலமாகவே போய் இருண்டு வரும். இன்னொன்று, சார்ட்டை இது முழுப் பொருளாகத்தான் எடுக்கும், ஒரு பட்டையை மட்டும் மாற்ற இதில் வழியில்லை.

அருண்
அப்படியென்றால் Grayscale முறையே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன், பெட்டிகள் நிறைய இருப்பவர்களுக்கு. இருண்ட பின்னணி உள்ளவர்களுக்கும்தான். வெள்ளைப் பின்னணியில் வெறும் எழுத்தும் சார்ட்டும் வைத்திருப்பவர்களுக்கு இன்னமும் Color போதும் என்பேன்.

பிக்சல்
என் ஸ்லைடில் பின்னணி வெள்ளையாகவில்லையே, கறுஞ்சாம்பலாக அப்படியே வருகிறது. Grayscale தான் கொடுத்தேன். வெப்ப வரைபடமும் ஒன்று இருக்கிறது, நீலத்திலிருந்து சிவப்பு வரை. அதில் மிகக் குளிர்ந்த இடமும் மிகச் சூடான இடமும் ஒரே மாதிரிக் கறுப்பாகத் தெரிகின்றன.

வரைகோடு
பின்னணியை Format Background வழியாக வைத்தீர்களா, இல்லை ஒரு பெரிய படத்தை ஸ்லைடின் மேல் விரித்து வைத்தீர்களா? படமாக விரித்திருந்தால் பவர்பாயிண்ட் அதைப் பின்னணி என்று எடுத்துக்கொள்ளாது, மற்ற படங்களைப் போலச் சாம்பலாக்கும். View > Grayscale போய் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து Don't Show கொடுத்துப் பாருங்கள்.

வரைபடம் ஜெட் நிறத்தொகுப்பாக இருக்க வேண்டும். அதன் இரண்டு முனையும் இருட்டு, அடர்நீலம் 000080 15, அடர்சிவப்பு 800000 38. நடுவில் இருக்கும் மஞ்சள்தான் வெளிச்சம். அதனால் தாளில் நடுத்தர வெப்பம் உச்சம் போலத் தெரியும், தப்பான அர்த்தத்தைச் சொல்லும். விரிடிஸ் என்ற நிறத்தொகுப்புக்கு மாற்றி மறுபடி வரையுங்கள், அது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே திசையில் ஏறுகிறது. ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டியிருந்தால் பவர்பாயிண்டில் செய்ய ஒன்றுமில்லை, மூல மென்பொருளுக்குத்தான் போக வேண்டும்.

பிக்சல்
ஸ்கிரீன்ஷாட்தான், மூலக் கோப்பு வேறொருவரிடம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் சூடான இடத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டுச் 'சூடு' என்று எழுதிவிடலாமா?

தாள்மணி
எழுதுங்கள், வெள்ளைப் பெட்டி வைத்து அதற்குள் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கறுப்பில் அதுவும் மறையும். மகிழினி, நீங்கள் எல்லாம் மாற்றி முடித்ததும் ஒரே ஒரு பக்கம் அச்சடித்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைக் கையில் வைத்துப் பாருங்கள். திரையில் தெரியும் Grayscale முன்னோட்டம் அந்த அளவுக்குக் காட்டாது.