70 கிலோ எடையில் 47.6 கிலோவுக்கு மட்டும் கணக்கு: கொழுப்பற்ற எடைச் சூத்திரம் உங்களுக்குப் பொருந்தியதா?

வேளச்சேரி உறுப்பினர்

எனக்கு வயது 42, உயரம் 165 செ.மீ., எடை 70 கிலோ. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. கைப்பேசிச் செயலி ஒன்று, எடை, உயரம், வயது ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி, எனது உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் நாளொன்றுக்கு 1526 கலோரி என்று காட்டியது. நடமாட்டத்துக்காக அதை 1.4 ஆல் பெருக்கினால் 2136 வருகிறது. ஏறத்தாழ அந்த அளவையே உண்டு வந்தபோதும், மாதம் அரைக் கிலோ என்ற கணக்கில் எடை ஏறிக்கொண்டே இருந்தது.

பின்னர் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் எனது உடலில் கொழுப்பு 32 சதவீதம் என்று தெரிந்தது. பார்ப்பதற்கு நான் குண்டானவன் அல்லன். வயிறு மட்டும் சற்று முன்னால் நிற்கும். கொழுப்பை நீக்கிய 47.6 கிலோவைக் காட்ச்–மெக்ஆர்டில் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தேன்.

```
370 + (21.6 × 47.6) = 1398
```

இதை அதே 1.4 ஆல் பெருக்கினால் 1957. உணவை அந்த அளவுக்குக் குறைத்த பின் எடை அப்படியே நிற்கிறது. இந்தச் சூத்திரம் எல்லோருக்குமே சரியானதா, அல்லது என்னைப் போன்ற உடலமைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தானா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கொளத்தூர்ப் பயிற்சியாளர்

எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோருக்கும் இந்தச் சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறோம். மற்றது தசையையும் தொப்பையையும் ஒரே தராசில் நிறுத்துவதால், நான் அதைத் தொடுவதே இல்லை. என்னிடம் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவருக்கு வயது 30, எடை 80 கிலோ, உயரம் 172 செ.மீ., கொழுப்பு 12 சதவீதம். செயலி அவருக்கு 1730 என்று சொன்னது, கொழுப்பற்ற 70.4 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் 1891 வந்தது. செயலியின் கணக்கில் அவர் உண்டபோது, பாரம் தூக்கும் திறன் வாரந்தோறும் சரிந்தது. அளவைக் கூட்டிய பிறகே நிலைக்கு வந்தார்.

காரணம் எளிது. ஒரு கிலோ தசை நாளொன்றுக்கு 100 கலோரியை எரிக்கும். ஐந்து கிலோ தசையைச் சேர்த்தால், நீங்கள் உறங்கும்போதும் 500 கலோரி கூடுதலாகச் செலவாகும். ஆகவே வேளச்சேரி நண்பர் சூத்திரங்களை ஒப்பிடுவதை விட்டுவிட்டு எடைப் பயிற்சியைத் தொடங்குவதே நல்லது.

அடையாறு உணவியலாளர்

பயிற்சியாளர் கண்ட விளைவு சரியானதே. அதற்கு அவர் கூறும் காரணம் சரியன்று. ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 13 கலோரிதான். கல்லீரல் கிலோவுக்கு 200, மூளை 240, இதயமும் சிறுநீரகமும் தலா 440 என்ற அளவில் செலவிடுகின்றன. சூத்திரத்தில் உள்ள 21.6 என்ற எண் தசைக்கு உரியதன்று. தசை, எலும்பு, உறுப்புகள் அனைத்தும் கலந்த கொழுப்பற்ற எடை ஒரு கிலோ கூடும்போது, செலவு சராசரியாக எவ்வளவு கூடுகிறது என்பதையே அது குறிக்கிறது. அந்த எண்ணின்படியே கணக்கிட்டாலும், ஐந்து கிலோவுக்கு 108 கலோரிதான் வரும், 500 வராது.

இனி வேளச்சேரி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எடையை வைத்துக் கணக்கிடும் சூத்திரமும் கொழுப்பை முற்றிலும் மறந்துவிடுவதில்லை. அந்த வயதிலும் உயரத்திலும் எடையிலும் உள்ளவருக்குச் சராசரியாக எவ்வளவு கொழுப்பு இருக்குமோ, அது அதற்குள்ளேயே பொதிந்திருக்கிறது. உங்கள் எண்களையே பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 1526இலிருந்து 370ஐக் கழித்து 21.6 ஆல் வகுத்தால் 53.5 கிலோ வரும். அதாவது, உங்கள் கொழுப்பு 23.5 சதவீதமாக இருந்திருந்தால் இரு சூத்திரங்களும் ஒரே விடையைத்தான் தந்திருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து நீங்கள் எட்டரைச் சதவீதம் தள்ளி நிற்பதால் 128 கலோரி வேறுபாடு வந்தது. பயிற்சியாளரின் இளைஞர் எதிர்த்திசையில் தள்ளி நிற்கிறார். சராசரி உடலமைப்புக்கு அருகில் இருப்பவருக்கு ஸ்கேன் செலவு வீண் என்பது எனது கருத்து.

நம்மிடையே அப்படித் தள்ளி நிற்பவர்கள் அதிகம். மிஃப்ளின் சூத்திரம் 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 498 பேரை அளந்து உருவாக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3, ஆனால் யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதமாகவும் யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதமாகவும் இருந்தன. எடையும் உயரமும் மட்டும் தெரிந்த சூத்திரத்தால் இந்த இருவரையும் பிரித்தறிய முடியாது.

ஒரு சிறு எச்சரிக்கை. டெக்ஸா அறிக்கையில் கொழுப்பு, மென்திசு, எலும்புத் தாது என மூன்றும் தனித்தனியாக இருக்கும். இந்தச் சூத்திரத்துக்கு உரியது மொத்த எடையிலிருந்து கொழுப்பை மட்டும் கழித்த எண்ணாகும். மென்திசு வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட எலும்பு விடுபட்டு, விடை ஐம்பது கலோரி அளவுக்குக் குறைந்துவிடும். உங்கள் 47.6 சரியாக எடுக்கப்பட்ட எண்ணே.

மயிலாப்பூர் உறுப்பினர்

எனக்கு வயது 48, உயரம் 158 செ.மீ., எடை 92 கிலோ. தைராய்டுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். முழங்கால் வலியும் உண்டு. ஸ்கேன் எடுத்தபோது கொழுப்பு 45 சதவீதம் என்றார்கள். அப்படியானால் கொழுப்பற்ற எடை 50.6 கிலோ என்று வருகிறது. நான் 41 கிலோவைக் குறைத்து 50.6க்கு வந்தால்தான் சூத்திரம் சொல்லும் அளவில் உண்ணலாம் என்று பொருளா? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அடையாறு உணவியலாளர்

இல்லை அம்மா. 50.6 என்பது நீங்கள் அடைய வேண்டிய எடை அன்று. இன்றைய உடலிலேயே இருக்கின்ற, கொழுப்பல்லாத பகுதி. கொழுப்பே இல்லாத உடல் உயிர் வாழாது. இலக்கு எடையை உங்கள் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். மாத்திரை அளவும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் தீர்மானிப்பதே.

உங்கள் எண்கள் வேறொரு வகையில் பயனுள்ளவை. செயலியின் முறைப்படி உங்களுக்கு 1507. கொழுப்பற்ற எடையின்படி 1463. கொழுப்பு 45 சதவீதம் இருந்தும் வேறுபாடு 44 கலோரிதான். தவிர, கொழுப்பும் முற்றிலும் சும்மா இருப்பதில்லை. கிலோவுக்கு நான்கைந்து கலோரியைச் செலவிடுகிறது. உங்களிடம் இருக்கும் 41 கிலோவுக்கு அது புறக்கணிக்கத்தக்க தொகை அன்று. ஆனால் காட்ச்–மெக்ஆர்டில் சூத்திரத்தில் அதற்கென்று தனி இடம் இல்லை. ஆகையால் மிகுந்த உடற்பருமனில் இந்தச் சூத்திரம் சற்றுக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், உங்களுக்கு இதைவிடச் செயலியின் எண்ணையே தொடக்கமாகக் கொள்வேன்.

பெரம்பூர் உறுப்பினர்

ஸ்கேன் எடுக்காமல், வெறுங்காலுடன் ஏறி நிற்கும் வீட்டுத் தராசை நம்பியவனின் அனுபவம் இது. எனது எடை 78 கிலோ. காலையில் எழுந்தவுடன் ஏறினால் கொழுப்பு 31 சதவீதம் என்று காட்டும். அதே தராசு, மாலையில் உணவும் தண்ணீரும் உள்ளே சென்ற பின் 27 என்று காட்டும். ஒரே நாளில் மூன்று கிலோ கொழுப்பு கரைந்துவிடாது. அந்தக் கருவி மெல்லிய மின்னோட்டத்தை உடலுக்குள் செலுத்தி, தடையை அளந்து, அதிலிருந்து நீரின் அளவை ஊகிக்கிறது. நீரின் அளவு மாறினால் கொழுப்பும் மாறியதாகச் சொல்கிறது.

இந்த நான்கு சதவீத ஊசலாட்டம் சூத்திரத்தில் 67 கலோரியாக விழுகிறது. வேளச்சேரி நண்பருக்குக் கிடைத்த 128 கலோரித் திருத்தத்தில் பாதிக்கும் மேல் இதுவே விழுங்கிவிடும். பயிற்சியாளரின் கூடத்தில் எல்லோருக்கும் எந்தக் கருவியால் அளக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கொளத்தூர்ப் பயிற்சியாளர்

எங்களிடம் இருப்பதும் ஏறி நிற்கும் கருவிதான். ஆனால் கைப்பிடியும் உள்ளது. எல்லோரையும் காலையில், சாப்பிடுவதற்கு முன் மட்டுமே ஏற்றுகிறோம். 100 கலோரி என்ற எண்ணை நான் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அதை மறுபடி சரிபார்க்கிறேன். ஆனால் வேளச்சேரி நண்பரின் எடை நின்றுவிட்டதே, அதைவிடச் சூத்திரத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?

அடையாறு உணவியலாளர்

அது சான்றாகாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1.4 என்ற பெருக்கு எண் ஓர் ஊகமே. அவரது நடமாட்டம் உண்மையில் 1.28 அளவுக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், செயலி சொன்ன 1526ஐ வைத்தே 1953 வந்துவிடும். எடை நின்றதிலிருந்து தெரிவது நாள் செலவு 1950 அளவில் உள்ளது என்பது மட்டுமே. அதில் ஓய்வுச் செலவு எவ்வளவு, நடமாட்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, உறங்கி எழுந்து வெறும் வயிற்றில், காபிகூடக் குடிக்காமல் படுத்த நிலையில், மூச்சில் செல்லும் ஆக்சிஜனையும் வெளிவரும் கார்பன் டைஆக்சைடையும் அளக்கும் கருவி வேண்டும். ஆயினும் அவரது உடலமைப்பைக் கொண்டு பார்த்தால், 1398தான் உண்மைக்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெசன்ட் நகர் நடையாளர்

எனக்கு வயது 71. உயரம் 163 செ.மீ., எடை 58 கிலோ. தினமும் கடற்கரையில் நடப்பவன். ஸ்கேனில் கொழுப்பு 17 சதவீதம் என்று வந்தது. செயலி 1249 என்கிறது. உங்கள் சூத்திரம் 1410 என்கிறது. ஒன்றில் வயதுக்காகக் கழிக்கிறார்கள், மற்றொன்றில் வயதே இல்லை. நான் எதை எடுத்துக்கொள்வது?

அடையாறு உணவியலாளர்

ஐயா, வயதானால் தசை குறைவது கொழுப்பற்ற எடையிலேயே தெரிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் அந்தச் சூத்திரத்தில் வயது சேர்க்கப்படவில்லை. ஆனால் 60 வயதுக்குப் பிறகு, கொழுப்பற்ற எடையைக் கணக்கில் கொண்ட பின்னரும் ஆற்றல் செலவு ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவுக்குக் குறைந்துகொண்டே போவதாக 2021ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே உங்களுக்கு 1410 சற்று மிகையாகவே இருக்கும். அதே சமயம், உங்கள் வயதில் இவ்வளவு குறைந்த கொழுப்பு உள்ளவருக்கு 1249 குறைவாக இருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டுக்கும் இடையில் எங்கே என்பதை எண்களை மட்டும் வைத்து என்னால் சொல்ல இயலாது. கடந்த சில மாதங்களில் உங்கள் எடை இறங்கியதா என்று தெரிவித்தால் மேலே பேசலாம்.