எல்லையோரத்தில் சொல்லா-அல்லவா சோதனை: ‘குட’, ‘மல’, ‘பாலு’ செய்யும் குழப்பம் (அனுபவப் பகிர்வு)

வேலந்தாவளம்_வாசகி:
திரையில் ஓர் எழுத்துக்கோவை வரும். அது தமிழ்ச் சொல்லா இல்லையா என்று இரண்டு பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். அதுதான் சோதனை. பாலக்காடு சித்தூர் தாலுகாவில் தமிழ், மலையாளம் இரண்டும் படித்த கல்லூரிப் பிள்ளைகளிடம் நடத்தினோம். அடிக்கடி புழங்கும் சொற்களுக்கு விரைவாகவே பதில் வந்தது. ஆனால் அரிய சொற்களில், ஓர் எழுத்து மட்டும் மாறிய அண்டைச் சொற்கள் நிறைய உள்ளவற்றுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஆங்கில ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. இப்படி வேறு யாருக்காவது வந்ததா?

கோவை_முதுகலை:
அண்டைச் சொல் கூடினால் பதில் விரைவாகும் என்பது முடிந்த விஷயம். 1989-இல் ஆண்ட்ரூஸ் காட்டியதே அதுதான், அதுவும் அரிய சொற்களில். உங்கள் பட்டியலில் சொல் நீளம் சமமாக இல்லாமல் போயிருக்கும். அதை முதலில் பாருங்கள்.

பழைய_மொழியியல்:
பாதிதான் சரி, தம்பி. அதே 1989-இல் கிரெய்ஞ்சரும் அவர் கூட்டாளிகளும் வேறொன்றைக் காட்டினார்கள். ஒரு சொல்லைவிட அதிகம் புழங்கும் அண்டைச் சொல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது தடையாகலாம் என்பது அவர்கள் கண்டது. எண்ணிக்கை வேறு, அந்த அண்டையின் வலிமை வேறு.

ஆனால் இங்கே எனக்கு முதலில் சந்தேகம் வருவது பொய்ச்சொற்கள் மேல்தான். அம்மா, அவற்றை எப்படிச் செய்தீர்கள்?

வேலந்தாவளம்_வாசகி:
உண்மைச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினோம், சார். குடை → குட, மலை → மல, தலை → தல. அகராதியில் தேடிப் பார்த்து, தலைச்சொல்லாக இல்லாதவற்றையே வைத்தோம்.

பழைய_மொழியியல்:
அங்கேதான் சிக்கல். தமிழில் ‘ஐ’யில் முடியும் பெயர்கள் பல மலையாளத்தில் ‘அ’வில் முடிகின்றன. குட என்றால் அங்கே குடை, மல என்றால் மலை, தல என்றால் தலை. உங்கள் பிள்ளைகள் தினமும் சொல்லும் சொற்கள் அவை. மலையாளமே தெரியாதவர் பேச்சிலும் ‘தல வலிக்குது’ என்றுதான் வரும். எழுத்தில் பொய், காதில் மெய்.

இப்படிப்பட்டவை பட்டியலில் நிறைய இருந்தால் வாசிப்பவர் தன் உத்தியையே மாற்றிக்கொள்வார். பொய்ச்சொல் எளிதாக இருந்தால், ‘பழகின மாதிரி இருக்கு’ என்ற பொதுவான உணர்வே ‘ஆம்’ அழுத்தப் போதும். அண்டைச் சொற்கள் பல ஒன்றாகக் கிளர்ந்தால் அந்த உணர்வு கூடுகிறது, பதில் விரைவாகிறது. ‘குட’, ‘தல’ நடுநடுவே வந்தால் அந்த உணர்வை நம்ப முடியாது. எந்தச் சொல் என்று முழுதாக அடையாளம் கண்ட பிறகே அழுத்த வேண்டியிருக்கும். அப்போது அதே அண்டைகள் போட்டியாளர்களாகிவிடும். புழக்கத்தின் விளைவும் பெரிதாகத் தெரியும். உங்கள் முடிவு தலைகீழாக வந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

நகரிக்காரர்:
எங்கள் பக்கத்து ஆந்திரச் சித்தூரிலும் இதே கதை, மொழிதான் வேறு. பால் → பாலு, கண் → கண்ணு என்று பொய்ச்சொல் செய்திருந்தோம். பாலு என்றால் தெலுங்கில் பால். தமிழ்ப் பேச்சிலும் பாலு, கண்ணு உண்டு. தவறுகளை ஆள்வாரியாகப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை, சொல்வாரியாகப் பிரித்ததும் பளிச்சென்று தெரிந்தது. பாதிப்பேருக்கு மேல் ‘சொல்’ என்று அழுத்திய பொய்ச்சொற்களைத் தனியே எடுத்தோம். கிட்டத்தட்ட எல்லாமே ‘உ’ சேர்த்தவை.

இப்போது பட்டியலை அவ்வூர்க்காரர் நான்கு பேரிடம் உரக்கப் படித்துக் காட்டுகிறோம். எழுதிக் கொடுப்பதில்லை, காதில் விழ வேண்டும். ஒருவர் ‘இது இன்னதுதானே’ என்றாலும் அந்தப் பொய்ச்சொல் வெளியே. அதற்காக ‘ற்கால்’ மாதிரி தமிழில் தொடங்கவே முடியாத கோவைக்குப் போய்விடாதீர்கள். முதல் எழுத்தைப் பார்த்தே ‘இல்லை’ அழுத்துவார்கள், புழக்கத்தின் விளைவு சுருங்கிவிடும். நாங்கள் முதலில் செய்த தவறு அதுதான்.

ஆசிரியை_கொழிஞ்சாம்பாறை:
என் வகுப்பில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ‘தலை’யை ‘தல’ என்றே வாசிக்கிறான். அவனுக்கு இந்தச் சோதனையை வைத்தால் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தெரியுமா?

பழைய_மொழியியல்:
தெரியாது, டீச்சர். பல பேர், பல சொற்கள் என்று சராசரி எடுத்தால்தான் இது பேசும். ஒரு பிள்ளையின் நேரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு நிபந்தனைகளை ஒப்பிட, நிபந்தனை ஒன்றுக்கு 1600 பதில்களாவது வேண்டும் என்பது பிரிஸ்பார்ட்டும் ஸ்டீவன்ஸும் 2018-இல் தந்த பரிந்துரை. 40 சொற்களை 40 பேர் பார்த்தால் அந்தக் கணக்கு வரும். அவன் ‘தல’ என்பது வீட்டுப் பேச்சாகவே இருக்கலாம். உரக்க வாசிக்க வைத்துக் கேட்பதுதான் வழி.

கோவை_முதுகலை:
பொய்ச்சொல் விஷயத்தை ஏற்கிறேன், சார். அண்டைச் சொற்களை எண்ணியது சரிதானா என்றும் பார்க்க வேண்டாமா? நான் யூனிகோட் குறிகளை வைத்தே எண்ணுகிறேன். கால்-வால், பால்-பாய் எல்லாம் ஒழுங்காகத்தான் வருகின்றன.

நகரிக்காரர்:
அவை வரும். பால், பல் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பால் கணினிக்கு நான்கு குறி: ப, கால், ல, புள்ளி. பல்லுக்கு மூன்றுதான். நீளம் வேறானதால் அண்டையில்லை என்று சொல்லிவிடும். ‘பாடு’ எடுத்தால் ல் போய் டு வருகிறது, எழுத்து ஒன்றுதான் மாறியது, குறியோ இரண்டு. அதுவும் விழுந்துவிடும். போதாக்குறைக்கு, சில கோப்புகளில் ‘கோல்’ என்பதன் ஓகாரம் இரட்டைச்சுழியும் காலுமாக இரண்டு குறியாகப் பிரிந்து கிடக்கும். அப்போது கால்-கோல் உறவும் போய்விடும். முதலில் ஒருமுகப்படுத்தி, பிறகு எழுத்தாக வெட்டுங்கள்:

```python
import unicodedata, regex
def ezhuthu(s):
    return regex.findall(r"\X", unicodedata.normalize("NFC", s))
```

`ezhuthu("பால்")` கொடுத்தால் பா, ல் என இரண்டு வரும். `regex` தனியாக நிறுவ வேண்டிய தொகுப்பு, பைத்தானோடு வரும் `re`-யில் `\X` வேலை செய்யாது.

கோவை_முதுகலை:
அப்படி எண்ணினால் பாலுக்கு நெல், சொல், வில், நூல் எல்லாமே அண்டை ஆகிவிடுமே! பாலும் நெல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவா இருக்கின்றன?

பழைய_மொழியியல்:
நியாயமான கேள்வி. கோல்ட்ஹார்ட் 1977-இல் தந்த விதி, ஓர் எழுத்தை மாற்று, மற்றவை அப்படியே இருக்கட்டும் என்பது. ‘எழுத்து’ என்றால் என்ன என்ற கேள்வி ஆங்கிலத்தில் எழவில்லை. நமக்கு உயிர்மெய் ஒரே எழுத்து. ஆனால் பா, ப இரண்டும் நெருக்கம், பா, நெ தூரம். ஒரே மாற்றம் என்று இரண்டையும் சமமாக எண்ணுவது எனக்கும் உறுத்துகிறது. இரண்டு முறையிலும் எண்ணி, எது எதிர்வினை நேரத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பதைத்தான் செய்கிறேன். இரண்டெழுத்துச் சொற்களை ஒதுக்கிவிட்டு, மூன்று நான்கு எழுத்துச் சொற்களில் தொடங்கினால் இந்த வீக்கம் குறையும்.

நகரிக்காரர்:
அதில் எனக்கு உடன்பாடில்லை, சார். எல்லையோரத்தில் பொதுச் சொற்களே பால், கண், கால், தலைதான். அவற்றை விட்டால் எஞ்சுவது செய்தித்தாள் சொற்கள். புழக்க எண்ணிக்கையும் செய்தித் தொகுப்பிலிருந்துதானே எடுக்கிறோம்? அதில் ‘தொகுதி’ மேலே நிற்கும், ‘தயிர்’ கீழே கிடக்கும். வீட்டுச் சொல்லையெல்லாம் அரியது என்று தப்பாக வகைப்படுத்திவிடுவோம். உள்ளூர்க்காரர் இருபது பேரிடம் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு பழக்கம் என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் வாங்கி, அதையும் கணக்கில் சேருங்கள்.

வேலந்தாவளம்_வாசகி:
‘அ’வில் முடியும் பொய்ச்சொற்களை எடுத்துவிட்டு, புதிய பட்டியலைக் கொழிஞ்சாம்பாறைக்காரர் நான்கு பேரிடம் படித்துக் காட்டப் போகிறேன். ஏற்கெனவே எடுத்த தரவில் அந்தப் பொய்ச்சொற்களின் பதில்களை மட்டும் நீக்கினால் போதுமா, சார்?

பழைய_மொழியியல்:
போதாது, அம்மா. அவை நடுவில் இருந்ததால்தான் மற்றச் சொற்களையும் நிதானித்து வாசித்தார்கள். அந்த நிதானம் எல்லா நேரங்களிலும் ஏறியிருக்கும், பிரித்தெடுக்க முடியாது. புதிய ஆட்களோடு மறுபடி நடத்த வேண்டும்.

கோவை_முதுகலை:
முதல் இருபது கோவைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால்? ‘குட’, ‘தல’ அதிகம் சந்திப்பதற்கு முன் அண்டைச் சொற்கள் உதவியிருக்கின்றனவா என்று தெரியலாமே.

பழைய_மொழியியல்:
பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் வரிசை தனித்தனியாகக் குலுக்கப்பட்டிருந்தால் மட்டும். குலுக்கினீர்களா, அம்மா?