சம்பவத் திட்டத்தில் தீவிர நிலைகளை எப்படிப் பிரிப்பது? அவசரம்

புதியவன்_கே: பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் என்ன செய்வது என்று ஒரு திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிலை போட்டேன். எதை எந்த நிலையில் வைப்பது என்று யாருக்கும் உடன்பாடு இல்லை. நாளை கொடுக்கவேண்டும். மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.

மதி_நெட்: எத்தனை பேர்? மெயில் சொந்த சர்வரிலா, கிளவுடிலா? ராத்திரி யாராவது பார்க்கிறார்களா?

மூத்தவர்77: அமெரிக்காவின் நிஸ்ட் வெளியிட்ட 800-61 சம்பவ வழிகாட்டியைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள். எல்லாம் அதிலேயே இருக்கிறது.

தாரணி_ஆர்: 2025-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நிரப்பிக் கொடுக்கிற மாதிரி எதுவும் இல்லை, மூத்தவரே. புதியவன், மூன்று நிலை போதும். வைரஸா, ஃபிஷிங்கா என்று பிரிக்காமல், யாரை எழுப்பவேண்டும் என்பதை வைத்துப் பிரியுங்கள். மூன்றாவது, காலையில் பார்க்கலாம். இரண்டாவது, ஐடி ஆளை உடனே கூப்பிடவேண்டும். முதலாவது, முதலாளியையும் எழுப்பவேண்டும்.

கணக்காளரின் மெயில் பறிபோனது என்று வையுங்கள். முதலில் இரண்டாம் நிலை. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. திறந்திருக்கும் செஷன்களை முடிக்கவேண்டும். திருடன் போட்ட ஃபார்வர்டு விதி, சேர்த்துவிட்ட ஓடிபி சாதனம், அனுமதி கொடுத்த ஆப், எல்லாவற்றையும் நீக்கவேண்டும். இல்லாவிட்டால் அவன் உள்ளேயே இருப்பான். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போயிருந்தால் அந்த நிமிடமே அது முதல் நிலை. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் போனில்தான் சொல்லவேண்டும், மெயிலில் அல்ல.

சர்வர்_சிவா: சந்தேகம் வந்தால் சர்வர் பிளக்கைப் பிடுங்குங்கள். அதையே திட்டத்தில் எழுதுங்கள்.

மதி_நெட்: மெமரியில் இருக்கிற தடயம் எல்லாம் போய்விடும். நெட்வொர்க் கேபிளை மட்டும் எடுங்கள்.

சர்வர்_சிவா: ரான்சம்வேர் ஃபைல்களைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது தடயமா முக்கியம்? கேபிளை எடுத்தாலும் உள்ளே பூட்டுவது நிற்காதே.

தாரணி_ஆர்: முதலில் நெட்வொர்க்கைத் துண்டிப்பது, அது முடியாவிட்டால் பவர் ஆஃப் என்பது பொதுவான வழி. பூட்டுவது கண்ணெதிரே ஓடினால் சிவா சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பாதியில் நின்ற ஃபைல் சிதையலாம். எதுவானாலும், ஐடி ஆள் யாரிடமும் கேட்காமல் துண்டிக்கலாம் என்று முதலாளி கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் அது பக்கத்து மெஷினுக்குப் போகும்.

பானு_டெஸ்க்: எங்கள் அலுவலகத்தில் பேக்கப்பும் அதே அட்மின் பாஸ்வேர்டில் இருக்கிறது. அது எந்த நிலை?

மதி_நெட்: அது சம்பவம் இல்லை, ஓட்டை. தனி இழை போடுங்கள். ஆனால் பாஸ்வேர்டை இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

மூத்தவர்77: தொடர்பு எண்களை ஷேர்டு டிரைவில் வையுங்கள். அப்டேட் செய்வது எளிது.

தாரணி_ஆர்: டிரைவ் பூட்டப்பட்டால் எண்களும் அதோடு பூட்டிக்கொள்ளும். அச்சடித்து ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரதி. ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் ஒருவர், இன்சூரன்ஸ் எண், பாலிசி எண்.

புதியவன்_கே: 18 பேர், கிளவுட் மெயில், ஐடிக்கு ஒரே ஆள். மூன்று நிலையாக்கிவிட்டேன். துண்டிக்கும் அனுமதியை முதலாளி எழுதித் தரத் தயங்குகிறார்.

சர்வர்_சிவா: அந்த ஒரே ஆள் லீவில் இருந்தால்?