எழுத்தில்லாத மைச்சுழி: செயலியில் வரைய வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை டிசைனர்

நான் இங்கே ஒரு சின்ன அச்சகத்தில் டிசைன் பார்க்கிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டார் வந்து, பத்திரிகை அட்டையில் எழுத்தே வேண்டாம், மைப்பேனாவால் இழுத்த மாதிரி ஒரு பெரிய சுழி மட்டும் தங்க ஃபாயிலில் போதும் என்றார்கள். பெயர், முகூர்த்தம் எல்லாம் உள்தாளில், அதை ஃபாண்ட் வைத்து நானே தட்டிவிடுவேன். படம் உருவாக்கும் செயலியில் தமிழ் எழுத்துப் பிழையாக வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே எழுத்தே இல்லையே, சுலபமாக முடிந்துவிடும் என்று உட்கார்ந்தேன்.

வந்தது என்ன தெரியுமா? ஒவ்வொரு படத்திலும் சுழிக்கு நடுவே ஏதோ எழுதியிருந்தது. பாதி ஆங்கிலக் கூட்டெழுத்து, பாதி எந்த ஊர் எழுத்தென்றே தெரியாது. ஒரு மாதிரியைக் காட்டியபோது பெண்ணின் பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இதுல என்ன தம்பி போட்டிருக்கு, மலையாளமா?" என்று கேட்டார்.

காரணம் நான் கொடுத்த சொல்தான். காலிகிராஃபி என்ற பெயரில் இணையத்தில் கிடக்கும் படங்களில் அநேகமாக எல்லாமே எழுத்துள்ள படங்கள். அதிலிருந்து கற்ற செயலிக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுத்து வடிவம்தான் கைக்கு வரும். அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, கோடு எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன்:

```
one looping pen stroke, solid black ink on white,
thick downstroke, hairline upstroke, wide empty margin
```

அதன்பிறகு பெரும்பாலும் வெறும் சுழிகளே வந்தன. இதே வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் போடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி

இதற்கு இவ்வளவு சுற்று எதற்கு? "எழுத்து வேண்டாம்" என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள், போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாளையங்கோட்டை டிசைனர்

அண்ணாச்சி, எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்பது முக்கியம். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வேண்டாதவற்றுக்கென்று தனிப்பெட்டி இருக்கிறது. அதில் `text, letters, signature, watermark` என்று போட்டால் கேட்கும். மிட்ஜர்னி என்றால் கடைசியில் `--no text, letters`. விவரிக்கும் வாக்கியத்துக்குள்ளேயே `no text` என்று எழுதினால் பல செயலிகள் இல்லை என்பதை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். சட்டென்று படம் தரும் சில வேக மாடல்களில் அந்தத் தனிப்பெட்டியே வேலை செய்யாது, நிரப்பினாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். signature போடக் காரணம், மூலையில் யாரோ கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு கிறுக்கல் தானாக வந்து உட்காரும்.

வள்ளியூர்

தம்பி, என் மகள் பெயரைத் தமிழில் பிழையில்லாமல் எழுதித் தரும் செயலி எது? "ஜெயஸ்ரீ"யில் ஸ்ரீ மட்டும் பாம்பு மாதிரி வருகிறது.

பாளையங்கோட்டை டிசைனர்

அக்கா, நான் கேட்டது எழுத்தில்லாத படம் பற்றி. உங்களுக்கு ஒரே வழி, படத்தை மட்டும் செயலியில் எடுங்கள், பெயரை ஃபாண்டில் தட்டி மேலே வையுங்கள்.

டவுன் போர்டு ஆர்ட்டிஸ்ட்

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன், ஃப்ளெக்ஸ் வந்தபின் கல்யாணப் பத்திரிகை மேலுறையில் பெயர் எழுதுகிறேன். செயலி போட்ட சுழிகளைப் பேரன் காட்டினான். பார்த்ததும் அழகுதான். பேனா பிடித்தவன் கண்ணுக்குக் குறை தெரியும்.

கூர் நிப்பை நம் பக்கமாக இழுக்கும்போது அழுத்தினால் அதன் இரண்டு நாக்கும் விரியும், கோடு பருக்கும். மேலே தள்ளும்போது அழுத்த முடியாது, நிப் தாளில் குத்தி மை தெறித்துவிடும். அதனால் இறங்கும் கோடு பருமன், ஏறும் கோடு மயிரிழை. செயலிப் படத்தில் ஒரே வளையத்தின் இரண்டு பக்கமும் தடித்திருந்தால் அது பேனா வேலை இல்லை. கிடையாகப் பருமன் வேண்டுமென்றால் நாங்கள் தாளைத் திருப்பிக்கொள்வோம், அதனால் கிடைக்கோடு தடித்திருப்பதை மட்டும் வைத்துக் குறை சொல்லக் கூடாது.

அடுத்து, தடித்த கோடும் தடித்த கோடும் வெட்டுகிற இடம். கையால் போடுபவன் அதைத் தவிர்ப்பான், மெல்லியது தடித்ததைக் கடக்கும்படி சுழியை அமைப்பான். செயலிக்கு அந்தக் கணக்கு கிடையாது. வெட்டுமிடத்தில் கருப்புத் திட்டு விழும், அந்தத் திட்டுதான் எழுத்துக் கொம்பு மாதிரி கண்ணுக்குத் தெரியும். பெரியப்பா கண்ணுக்கு அது மலையாளமாகத் தெரிந்ததும் அப்படித்தான் இருக்கும்.

எழுத்தில்லாத பேனாச் சுழி ஒன்றும் புதிதில்லை. 1600களின் தொடக்கத்தில் ஹாலந்து எழுத்தாசிரியர் யான் வான் டி வெல்டே பேனாவால் சுழித்தே கப்பல் போட்டிருக்கிறார்.

அம்பாசமுத்திரம்

எனக்குப் பேனா தெரியாது, சிக்குக் கோலம் தெரியும். ஒரு நுனியில் விரலை வைத்து கோட்டோடு போய்ப் பாருங்கள். செயலிப் படத்தில் பாதிவழியில் கோடு இரண்டாகப் பிரியும், அல்லது வளையத்துக்குள் மறைந்து வேறெங்கோ முளைக்கும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வராவிட்டால் தப்பு.

டவுன் போர்டு ஆர்ட்டிஸ்ட்

விரல் வைப்பது நல்ல சோதனைம்மா. ஆனால் பேனாச் சுழி மூட வேண்டியதில்லை. இரண்டு நுனி இருக்கலாம், நடுவில் பிரியத்தான் கூடாது.

மேலப்பாளையம்

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. நான் துணிப்பைக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறவன். "அரபிப் பாணிச் சுழி" என்று கேட்டு வாங்கிய டிசைன் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். எழுத்து கிடையாது, வெறும் அலங்காரம் என்றார். ஓதத் தெரிந்த என் வாப்பாவிடம் காட்டினேன். முழுச் சொல் இல்லை, ஆனால் அல்லாஹ்வின் பெயரில் வருகிற அலிஃபும் லாமும் ஹாவும் அடுத்தடுத்து நிற்கிற மாதிரி ஒரு மூலை இருக்கிறது என்றார். அதைக் காய்கறிப் பையில் போட்டு, பை கிழிந்ததும் தெருவில் எறிந்தால்? நான் மறுத்துவிட்டேன்.

2024இல் லாகூரில் அரபி எழுத்துப் போட்ட உடை உடுத்திய பெண்ணைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. உடையில் இருந்தது வேத வசனமே இல்லை, "ஹல்வா" என்ற சொல். போலீஸ் வந்துதான் அவரைக் கூட்டிப்போனது.

அதனால் எந்தச் சுழியானாலும் தலைகீழாகவும், கண்ணாடியில் காட்டிய மாதிரி இடவலமாகவும் திருப்பிப் பாருங்கள். அப்புறம் அந்த எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டி, "என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். எழுத்தில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவரும் தேடமாட்டார்.

பாளையங்கோட்டை டிசைனர்

அந்தச் சோதனையை இனி நானும் செய்கிறேன் பாய். அச்சுப் பக்கம் நடந்ததையும் சொல்கிறேன். ஃபாயிலுக்கு உலோக பிளாக் செய்யப் படத்தைக் கோட்டுருவாக மாற்ற வேண்டும். இங்க்ஸ்கேப்பில் `Path > Trace Bitmap`. மை கசிந்த சாம்பல் விளிம்பு இருந்தால் மாற்றியதும் ரம்பம் மாதிரி பிசிறும், அதனால்தான் முதலிலேயே `solid black` கேட்டது. அப்படியும் மயிரிழைக் கோடு ஃபாயிலில் நிற்கவில்லை. அங்கங்கே அறுந்து புள்ளி புள்ளியாக வந்தது. ஏறுகோடுகளை மட்டும் அரை மில்லிமீட்டர் வரை தடிக்க வைத்து, ஓர் இடத்தில் பிரிந்த வாலை வெட்டி எடுத்தபின் சுத்தமாக விழுந்தது.

கல்லிடைக்குறிச்சி

இவ்வளவு திருத்துவதற்கு போர்டு அண்ணாச்சியிடமே ஒரு சுழி போடச் சொல்லி ஸ்கேன் பண்ணியிருக்கலாமே?

டவுன் போர்டு ஆர்ட்டிஸ்ட்

போட்டுத் தருவேன். ஆனால் வீட்டார் பத்து மாதிரி கேட்பார்கள், அதற்கு யார் காசு கொடுப்பது? மாதிரியைச் செயலியில் காட்டட்டும், பிடித்ததை நான் பேனாவில் போடுகிறேன்.

பாளையங்கோட்டை டிசைனர்

அதற்கு என்ன வாங்குவீர்கள் என்று தனியாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி. ஆவணியில் இரண்டு பத்திரிகை வருகிறது.