முன்பதிவு அறிவிப்பில் எந்தத் தேதியைப் போடுவது?

சிறுபதிப்பாளர்: 480 பக்க நாவல், கெட்டி அட்டை, விலை 600 ரூபாய். முன்பதிவில் 450. “சென்னைப் புத்தகக் காட்சியையொட்டி வெளியீடு. முன்பதிவை ரத்து செய்ய இயலாது” என்று எழுதியிருக்கிறேன். இது போதுமா? தேதி போட்டால் மாட்டிக்கொள்வேனோ?

அச்சுக்கூடத்தார்: வெளியீடு மேடையில் நடப்பது. பணம் கட்டியவருக்குப் பார்சல் என்று கிளம்பும் என்பதுதான் கேள்வி. உங்கள் கோப்பு டிசம்பர் 8 அன்று அச்சுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சிட ஒரு வாரம். தைத்து, பசை காய்ந்து, அட்டை ஏற்றப் பத்து நாள். டிசம்பரில் பைண்டரிடம் எல்லாப் பதிப்பகங்களும் வரிசையில் நிற்கும். அதற்கு இன்னொரு வாரம். ஜனவரி பிறந்துவிட்டது. 300 முன்பதிவு, இருவர் நாளுக்கு 40 பார்சல் கட்டினால் எட்டு நாள். ஆனால் அதே இருவர்தானே காட்சியில் கடையையும் பார்க்கப்போகிறார்கள்? பதினாறு நாள் என்று கொள்ளுங்கள். நடுவில் பொங்கல், ஞாயிறு. “ஜனவரி 25க்குள் கடைசிப் பார்சலும் புறப்படும்” என்று எழுதுங்கள். எல்லோரும் முதல் பார்சல் கிளம்பும் நாளை எழுதுகிறார்கள், கோளாறு அங்கேதான்.

விற்பனைக்காரன்: ஐயா, 25 என்று போட்டால் யார் முன்பதிவு செய்வார்கள்? காட்சியிலேயே வாங்கிக்கொள்வார்கள். அந்த முன்பணத்தில்தான் காகிதமே வாங்குகிறோம். “விரைவில்” என்று போட்டு விடுங்கள், நண்பரே. வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

திருச்சி வாசகி: பொறுத்துக்கொண்டவள் நான். ஒரு பதிப்பகத்தில் நவம்பரில் பணம் கட்டினேன். ஜனவரியில் காட்சிக்குப் போனால் அதே நூல் மேசையில் அடுக்கியிருக்கிறது, அதுவும் நான் கட்டியதைவிட 20 ரூபாய் குறைவாக. என் பிரதி பிப்ரவரியில் வந்தது. தாமதத்தைவிட அந்த அடுக்குதான் உறுத்தியது.

புத்தகப்புழு: எனக்கும் ஒருமுறை 32 பக்கம் வெற்றாக வந்தது. மாற்றித் தந்தார்கள்.

அச்சுக்கூடத்தார்: அது பழுதுப் பிரதி, தம்பி. இங்கே பேச்சு வேறு.

கணக்குப்பிள்ளை: “ரத்து செய்ய இயலாது” என்பதே சட்டவிரோதம். மின்வணிக விதிகள் 2020 அதைத் தடுக்கிறது.

வழக்குரைஞர்: பாதி சரி. 2020 விதிகள் ரத்துக் கட்டணத்தைப் பற்றிப் பேசுகின்றன: விற்பவர் தாமாக ரத்து செய்தால் அதேபோன்ற கட்டணத்தை ஏற்காதவரை, வாங்குபவரிடம் வசூலிக்கக் கூடாது. எந்த ரத்தையும் ஏற்றே தீர வேண்டும் என்று அதில் இல்லை. பதிப்பாளரைப் பிடிப்பது வேறொன்று. சொன்ன தேதிக்குப் பின் பொருள் போய்ச் சேர்ந்தால், திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்க முடியாது. இயற்கைச் சீற்றம் போன்றவை மட்டும் விலக்கு. பைண்டர் தாமதித்தார் என்பது அதில் சேருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

விற்பனைக்காரன்: அதைத்தான் சொல்கிறேன்! தேதி போடாவிட்டால் தப்பலாம்.

வழக்குரைஞர்: அனுப்புகை விவரத்தையும் பணம் திருப்பும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே காட்டுவது விற்பவரின் கடமை என்றும் அதே விதிகளில் இருக்கிறது.

இணையக்கடை: கூகுள் விற்பனைப் பட்டியலில் `preorder` என்று போட்டால் `availability_date` கேட்கும். கோப்பே முடியவில்லையென்றால் “விரைவில்” பக்கம் போடலாம், ஆனால் வாங்கும் பொத்தான் வேண்டாம். மின்னஞ்சலை மட்டும் வாங்கி வையுங்கள். இன்னொன்று: முன்பதிவு நூலோடு கையிருப்பு நூலையும் ஒரே கூடையில் போடுகிறவர் இருப்பார். இரண்டும் சேர்ந்து போகுமா, தனித்தனியா என்று சொல்லாவிட்டால் தினமும் தொலைபேசிதான்.

சிறுபதிப்பாளர்: திருத்தி எழுதினேன்:

“நூல் இன்னும் அச்சாகவில்லை. ஜனவரி 25க்குள் எங்களிடமிருந்து புறப்படும். உங்கள் கைக்கு வரக் கூடுதலாகச் சில நாள் ஆகும். பார்சல் எண் உங்களுக்கு வரும்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். முழுத் தொகையும் 7 நாளில் திரும்பும். தேதி தள்ளிப்போனால் ஜனவரி 20க்குள் புதிய தேதியோடு எழுதுவோம். காத்திருக்கச் சம்மதம் என்று பதில் தராதவர்களுக்குப் பணம் திரும்பும். உடன் வாங்கும் மற்ற நூல்கள் உடனே அனுப்பப்படும்.”

விற்பனைக்காரன்: பதில் தராதவருக்கெல்லாம் திருப்பினால் அச்சகத்துக்கு எதைக் கொடுப்பீர்கள்? பாதிப் பேர் மின்னஞ்சலே பார்ப்பதில்லை.

அச்சுக்கூடத்தார்: அது நியாயமான கவலை. ரத்துக்கென்று பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், பதில் வராதவரை ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுங்கள். 300 பேர்தானே.

திருச்சி வாசகி: காட்சியில் முன்பதிவு விலைக்குக் கீழே விற்கமாட்டோம் என்றும் ஒரு வரி சேருங்கள்.

சிறுபதிப்பாளர்: சேர்க்கிறேன், அம்மா. நூறு பிரதியில் எழுத்தாளர் வாங்குபவர் பெயரெழுதிக் கையெழுத்திடுகிறார். அதை ரத்து செய்தால் வேறொருவருக்கு விற்க முடியாதே?

வழக்குரைஞர்: கையெழுத்திடும் நாளை அறிவிப்பிலேயே போட்டு, அதற்கு முந்தைய நாள்வரைதான் ரத்து என்று எழுதலாம். அப்படியும் 25 தவறினால் அந்த வரி நிற்குமா என்பது சந்தேகமே.

விற்பனைக்காரன்: பெயரில்லாமல் கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்கள்.

திருச்சி வாசகி: பெயருக்காகத்தானே ஐயா, அந்த நூறு பேரும் பணம் கட்டுவார்கள்!