‘டிக்டோகிளாஸ்’ என்பதற்குத் தமிழ்: ‘கேட்டுக்கோத்தல்’ பொருந்துமா?

காரைக்குடியிலிருந்து, மாலை வகுப்பு ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். வேலை நிமித்தம் இங்கே குடியேறிய வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். உடன் கற்பிப்பவர்களுக்காக எழுதிவரும் கையேட்டில் ‘டிக்டோகிளாஸ்’ என்னும் பயிற்சிக்குத் தமிழ்ப் பெயர் தேவைப்படுகிறது.

ஆசிரியர் நான்கைந்து வாக்கியங்கள் கொண்ட ஒரு பத்தியை இயல்பான வேகத்தில் இருமுறை வாசிப்பார். முதல் முறை பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். இரண்டாம் முறை முக்கியமான சொற்களை மட்டும் குறித்துக்கொள்வார்கள். பிறகு மூவர் மூவராகக் கூடி, அந்தச் சொற்களைக் கொண்டு பத்தியைத் தாங்களே எழுதி, கடைசியில் மூலத்தோடு ஒப்பிடுவார்கள். இதற்கு ‘கேட்டு மீட்டெழுதல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். மனம் முழுதும் ஒப்பவில்லை.

தேவகோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, புதுச்சொல் எதற்கு? ஆசிரியர் வாசிக்க மாணவர் எழுதுவதை நம் பள்ளிகளில் ‘சொல்வதை எழுதுதல்’ என்றே காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். ஆங்கிலப் பெயரின் முற்பகுதியும் அதைத்தானே குறிக்கிறது? குழுவாக எழுதுவதால் ‘குழுவாகச் சொல்வதை எழுதுதல்’ என்று ஓர் அடைமொழி சேர்த்தால் வேலை முடிந்தது.

புதுவயலிலிருந்து, ஒரு தாய்:

என் மகன் பள்ளியிலும் இதே தேர்வு உண்டு. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பத்துக் கேள்வி கேட்கிறார்கள். அவன் இருக்கும் பின்வரிசையில் பாதிதான் கேட்கிறது. ஆசிரியரே வாசித்தால் இந்தக் குறை தீரும் என்று கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். ‘கேட்டல் தேர்வு’ என்ற பெயரே போதுமே.

கண்டனூரிலிருந்து, மொழியாசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்:

புதுவயல் அம்மா சொல்வது உண்மையான குறைதான், ஆனால் அது வேறு பயிற்சி. கேள்விக்கு விடை சொல்லும் மாணவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே தப்பித்துவிடலாம். இங்கே கேள்வியே கிடையாது.

தேவகோட்டை ஐயா சொன்னதில் பாதி சரி. ரூத் வைன்ரிப் என்பவர் 1990இல் வெளியிட்ட தமது ஆசிரியர் கையேட்டின் தலைப்பிலேயே ‘இலக்கணச் சொல்வதெழுதல்’ என்னும் பொருள் வரும்படிதான் பெயரிட்டார். ஆயினும், சொல்வதை எழுதுதலில் ஆசிரியர் சொற்றொடர் சொற்றொடராக நிறுத்துவார். மாணவர் பொருள் புரியாமலேயே பிழையின்றி எழுதிவிட முடியும். இந்தப் பயிற்சியிலோ, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள முடியாத வேகத்தில் வாசிப்பதுதான் அடிப்படை. கையில் சொற்கள் சில இருக்கும், அவற்றைச் சேர்க்கும் உருபும் விகுதியும் இருக்காது. அந்த இடைவெளியைத் தமக்குத் தெரிந்த இலக்கணத்தால் நிரப்பும்போதுதான், தமக்கு எது தெரியவில்லை என்பது மாணவருக்கே தெரியவருகிறது. ஆகவே பெயர் அந்த நிரப்பும் வேலையைச் சுட்ட வேண்டும்.

காரைக்குடியிலிருந்து:

ஐயா சொன்ன வேறுபாட்டை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதன்முதலில் பிள்ளைகள் பாவம் என்று இரங்கி, சொல் சொல்லாக நிறுத்தி மூன்று முறை வாசித்தேன். மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே பத்தியைத் தந்தன, எழுதும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்ததைப் பார்த்து மகிழ்ந்தும் போனேன்!

மறுவாரம் இயல்பான வேகத்தில், இரண்டே முறை, வாக்கியத்துக்கு வாக்கியம் சிறிது நேரம் மட்டும் நிறுத்தி இதை வாசித்தேன்: “ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறார்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அதன் மேல் உலர்ந்த மணலையும் சிமெண்டையும் தூவுகிறார்கள். பிறகு ஈரக் கலவையை நிரப்பிக் காயவைத்து, கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள்.” ‘அச்சு’, ‘கலவை’ ஆகிய இரண்டு சொற்களை மட்டும் முன்கூட்டியே பலகையில் எழுதி விளக்கியிருந்தேன்.

ஒரு குழுவின் குறிப்பில் இருந்தவை: ஆத்தங்குடி, கண்ணாடி, அச்சு, வண்ணம், வளர்ந்த, மணல், சிமெண்டு, தண்ணீர். அதிலிருந்து அவர்கள் எழுதியது: “கண்ணாடியை அச்சு வைத்து வண்ணம் ஊற்றுகிறார்கள். வளர்ந்த மணல் சிமெண்டு போடுகிறார்கள்.” இதில் ‘வளர்ந்த’ என்பது காதின் பிழை. அந்தக் குழுவிலேயே ஒரு பெண், மணல் எப்படி வளரும் என்று கேட்டுவிட்டாள். ஆனால் வேறு சொல் தோன்றாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். மற்ற இரு குழுக்களும் ‘உலர்ந்த’ என்று சரியாகவே எழுதியிருந்தன. ‘கண்ணாடியை’ என்பதோ வேறு வகை. மூன்று குழுக்களுமே ‘கண்ணாடியின் மேல்’ என்பதைத் தவறவிட்டிருந்ததால், அது செவியின் குற்றமல்ல, ‘மேல்’ என்பதற்கு முன் பெயர்ச்சொல் என்ன வடிவம் கொள்ளும் என்பது இன்னும் அவர்களுக்குப் பிடிபடவில்லை என்று முடிவுசெய்து, ஒப்பிடும் நேரம் முழுவதையும் அந்த ஓர் இடத்திலேயே செலவிட்டேன்.

தேவகோட்டையிலிருந்து:

என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘மீட்டெழுதல்’ கூடவே கூடாது. கொண்டுவிற்றல் என்னும் வட்டித்தொழில் நடந்த ஊரில் பிறந்தவன் சொல்கிறேன்: அடகு வைத்த நகையை மீட்டால் அதே நகை, அதே எடையில் திரும்ப வர வேண்டும். உங்கள் பிள்ளைகள் மூலத்தை அப்படியே திருப்பித் தரவில்லை, தரவும் வேண்டாம் என்கிறீர்கள். பெயர் எதிர்ப்பொருள் தருகிறது.

கண்டனூரிலிருந்து:

நல்ல தடை. பொருளும் இலக்கணமும் சரியாக இருந்தால், சொல் மாறியிருந்தாலும் ஏற்றுக்கொள்வதுதான் இப்பயிற்சியின் வழக்கம். ‘புனைதல்’ என்றால் இல்லாததைச் சேர்ப்பதாகிவிடும். ‘தொகுத்தல்’ என்றால் சுருக்கி எழுதுவதாகிவிடும். ‘கேட்டுக்கோத்தல்’ என்பதைப் பார்க்கலாமா? குறிப்பில் உள்ள சொற்கள் உதிர்ந்த மணிகள், மாணவர் போடும் வேற்றுமை உருபுதான் நூல். வன்றொடர்க் குற்றியலுகரத்தை அடுத்து ஒற்று மிகுவதால் ஒரே சொல்லாக அச்சிடவும் ஒலிக்கவும் தடையில்லை.

காரைக்குடியிலிருந்து:

‘கோர்த்தல்’ இல்லையா?

தேவகோட்டையிலிருந்து:

பேச்சில் ரகரம் புகுந்துவிட்டது. ‘கோத்தல்’தான் சரி. கையேட்டிலும் அப்படியே அச்சிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

அப்படியே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘டிக்டோகிளாஸ்’ என்றும் இருக்கும். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. குழுவாக எழுதும்போது பிள்ளைகள் இந்தியில் வாதாடுகிறார்கள். தடுத்தால் பேச்சே நின்றுவிடுகிறது, விட்டால் தமிழ் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. இன்னொன்று, நான் ‘ஊற்றுகிறார்கள்’ என்று வாசிக்கிறேன். தெருவில் அவர்கள் கேட்பது ‘ஊத்துறாங்க’. எந்தத் தமிழை வாசிப்பது?

கண்டனூரிலிருந்து:

முதலாவதை நான் தடுக்கமாட்டேன். எந்த உருபைப் போடுவது என்று இந்தியில் சண்டையிட்டாலும், சண்டை தமிழ் உருபைப் பற்றியதுதான். இரண்டாவதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. எழுதச் சொல்வதால் எழுத்துத் தமிழையே நான் வாசித்துவந்திருக்கிறேன், ஆனால் அப்படிப் பழகிய பிள்ளைகள் கடைவீதியில் திணறுவதையும் பார்த்திருக்கிறேன். பேச்சுத் தமிழில் வாசித்து எழுத்துத் தமிழில் எழுதச் சொன்னால், அது கேட்பதோடு மொழிபெயர்ப்பையும் சேர்த்துச் சுமத்துவதாகும்.

தேவகோட்டையிலிருந்து:

இன்னும் ஒன்று கிடக்கிறது. பெயர் சரி, ஏவல் என்ன? வகுப்பில் “கேட்டுக் கோருங்கள்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் பிள்ளைகள் கோரிக்கை மனு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். ‘கோக்கவும்’ என்பதே பிழையற்ற வடிவம், ஆனால் அதை இன்று யார் வாயிலும் நான் கேட்டதில்லை. கையேடு அச்சுக்குப் போவதற்குள் யாரேனும் வழி சொல்லுங்கள்.