கோணப் பதிலீடா, முக்கோணவியல் பிரதியிடலா?

கல்லூரி ஆசிரியை, திருச்சி:
நண்பர்களே, முதலாண்டுத் தொகைநுண்கணிதக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. √(a²−x²) வந்தால் x = a sinθ, √(a²+x²) வந்தால் x = a tanθ, √(x²−a²) வந்தால் x = a secθ என்று வைக்கும் முறைக்குத் தலைப்பு வேண்டும். ‘முக்கோணவியல் பிரதியிடல்’ நீளமாக இருக்கிறது. ‘கோணப் பதிலீடு’ என்று போடலாமா?

தமிழாசிரியர், மதுரை:
பிரதி வடசொல். நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கிறது. மண்+குடம் மட்குடமாகும்போது ணகரம் டகரமாகத் திரிகிறது. x இங்கே θ ஆகத் திரிகிறது. ‘கோணத்திரிபு’ என்று சொல்லலாமே!

ஓய்வுபெற்ற பேராசிரியர், கோவை:
ஐயா, மட்குடத்தில் டகரம் மறுபடி ணகரம் ஆவதில்லை. இங்கே விடையில் x-க்குத் திரும்பியே ஆக வேண்டும். மாணவர் சறுக்குவதும் அந்தத் திரும்பலில்தான். ∫√(x²−4)/x dx-இல் x = 2 secθ என்று வையுங்கள். வர்க்கமூலம் 2|tanθ|. x > 2 என்றால் tanθ நேர்க்குறி. விடை √(x²−4) − 2 sec⁻¹(x/2). x < −2 என்றால் θ இரண்டாம் கால்பகுதிக்குப் போய்விடும், tanθ எதிர்க்குறி, விடை √(x²−4) + 2 sec⁻¹(x/2). பலர் முதல் விடையையே இரண்டு பக்கமும் எழுதுகிறார்கள். சோதிப்பது எளிது: இது ஒற்றைச் சார்பு. 2 முதல் 4 வரை 2√3 − 2π/3, சுமார் 1.37. அப்படியானால் −4 முதல் −2 வரை −1.37 வர வேண்டும். முதல் விடையைப் போட்டால் −5.56 வரும்.

பொறியியல் மாணவர், சென்னை:
ஐயா, வர்க்கமூலத்தை ஒழிப்பதுதானே நோக்கம்? ‘மூலநீக்கப் பதிலீடு’ என்று வைக்கலாம். எனக்குத் தேர்வில் ∫x√(x²−4) dx வந்தது, secθ வைத்துப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், கோவை:
தம்பி, அதற்கு u = x²−4 போதும்; வெளியே x நிற்கிறதே. என் கணக்கிலும் u = √(x²−4) என்று வைத்தால் கோணமே இல்லாமல் மூலம் போய்விடும்: u − 2 tan⁻¹(u/2). இரண்டு பக்கமும் இதே விடை செல்லும், குறித் தொல்லை இல்லை. ஆக மூலநீக்கம் என்ற பெயர் இந்த முறையை மட்டும் சுட்டாது.

யாழ்ப்பாண வாசகர்:
எங்கட பக்கம் திரிகோணகணிதம், பிரதியீடு என்றுதான் படிச்சனாங்கள். புதுச்சொல் வந்தால் எங்கட பிள்ளைகளுக்கு உங்கட குறிப்பு விளங்காது.

தமிழாசிரியர், மதுரை:
விளங்கும் என்பதற்காகப் பிரதியைச் சுமக்க வேண்டுமா? தொகையீடு என்ற சொல்லும் ஒருநாள் புதிதாகத்தானே இருந்தது!

கல்லூரி ஆசிரியை, திருச்சி:
இதுவரை மூவர் தனிமடலில் ‘கோணப் பதிலீடு’க்கு ஆதரவு சொல்லியிருக்கிறார்கள். தலைப்பில் அதைப் போட்டு, முதல் வரியில் முக்கோணவியல் பிரதியிடல், திரிகோணகணிதப் பிரதியீடு இரண்டையும் தருகிறேன். பேராசிரியரின் −4 முதல் −2 வரையான கணக்கு பயிற்சியில் சேர்கிறது.

தமிழாசிரியர், மதுரை:
என் மறுப்பு நிற்கட்டும். திரிந்தது மீள்வதற்கு ‘மீட்சித்திரிபு’ என்று சொல்லலாம். நாளை விரிவாக எழுதுகிறேன்.